ஷேரிங் வீட்டில் திருட்டு: போலீஸ் 'பர்க்ளரி' என்கிறது, இன்ஷூரன்ஸ் தரமாட்டேன் என்கிறது

குரோய்டன் புதுசு:
லண்டன் வந்து 4 மாதம் ஆகிறது. மூன்று பேர் சேர்ந்து ஒரு வீட்டில் ஆளுக்கொரு அறை எடுத்திருக்கிறோம். போன செவ்வாய் வேலை முடிந்து வந்தால் என் அறைக் கதவு நிலையோடு பிளந்து கிடக்கிறது. லேப்டாப்பைக் காணோம், அம்மா போட்டுவிட்ட 2 சவரன் சங்கிலியையும் காணோம். சமையலறைப் பின்கதவை எங்களில் யாரோ பூட்டாமல் போயிருக்கிறோம். போலீஸின் 101-க்குப் பேசி கிரைம் ரெஃபரன்ஸ் நம்பர் வாங்கி இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குக் கொடுத்தேன். 'வீட்டுக்குள் பலவந்தமாக நுழைந்த தடயம் இல்லை' என்று கிளெய்மைத் தள்ளிவிட்டார்கள். என்ன செய்வது?

வெம்ப்ளி மாமா:
போலீஸ் பர்க்ளரி என்று பதிந்திருக்கிறார்களா? அப்படியென்றால் கொடுத்தே ஆகவேண்டும். அந்த நம்பரைக் காட்டிச் சண்டை போடுங்கள்.

கிளெய்ம் மேசை:
15 வருடமாக இன்ஷூரன்ஸ் கிளெய்ம் வேலையில்தான் இருக்கிறேன். மாமா சொல்வதில் பாதி சரி. அந்த நம்பர் புகார் கொடுத்ததற்குச் சான்று, அவ்வளவுதான். இங்கிலாந்துச் சட்டத்தில், 1968 தெஃப்ட் ஆக்ட் 9-ஆம் பிரிவுப்படி, அனுமதியில்லாமல் உள்ளே புகுந்து திருடினாலே பர்க்ளரி. திறந்த கதவு வழியாக வந்தாலும் அதே குற்றம்தான். பாலிசியோ ஒரு ஒப்பந்தம், அதில் எழுதிய சொல்தான் கணக்கு. குடும்பம் மட்டும் இருக்கும் வீட்டுக்குப் பெரும்பாலும் வெறும் 'தெஃப்ட்' என்றே போடுவார்கள், பூட்டு உடையாவிட்டாலும் கிளெய்ம் நிற்கும். வீட்டைப் பகிர்ந்தாலோ உள்வாடகைக்கு ஆள் வைத்தாலோ பல பாலிசிகளில் 'ஃபோர்சிபிள் அண்ட் வயலண்ட் என்ட்ரி', அதாவது பலவந்தமாக உடைத்து நுழைந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்துவிடும். எடுத்தது வெளியாளா, கூட இருப்பவரா என்று கம்பெனியால் கண்டுபிடிக்க முடியாது, அதனால் உடைத்த அடையாளம் கேட்கிறார்கள்.

உங்கள் பின்கதவு பிளாஸ்டிக் கதவா? அதில் கைப்பிடியைத் தூக்கிச் சாவியைத் திருப்பாவிட்டால், வெளியே நின்று கைப்பிடியை அழுத்தினாலே பலவற்றில் திறந்துகொள்ளும். கீறல்கூட விழாது. அதைத்தான் கம்பெனி பார்த்திருக்கும்.

ஆனால் உங்கள் அறைக் கதவு உடைந்திருக்கிறதே. பாலிசி முன்பக்கங்களில் 'ஹோம்' என்றால் எது என்று எழுதியிருக்கும். நீங்கள் வாடகைக்கு எடுத்த அறைதான் ஹோம் என்று இருந்தால் அந்த உடைந்த நிலையே உங்கள் சாட்சி. எடுத்துப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

இல்ஃபோர்ட் அக்கா:
எனக்குப் போன வருஷம் றோட்டில வச்சு ஃபோனைப் பறிச்சிட்டாங்கள், தம்பி. ஈ-பைக்கில வந்தவன் கையில இருந்ததை இழுத்துக்கொண்டு போயிட்டான். நான் 'ரொபரி' எண்டு நினைச்சன், பொலிஸ் 'தெஃப்ட் ஃப்ரொம் த பேர்சன்' எண்டு எழுதினது. வெளியில கொண்டுபோற சாமானுக்கும் கவர் எடுத்திருந்தபடியா காசு வந்தது.

கிளெய்ம் மேசை:
அக்கா சொன்ன வித்தியாசம் முக்கியம். ரொபரி என்றால் திருடுவதற்காக ஆள்மேல் பலம் காட்டவேண்டும், அல்லது உடனே அடிப்பேன் என்று பயமுறுத்தவேண்டும். ஆள்மேல் பலம் காட்டாமல் கையிலிருந்து சட்டென்று உருவிக்கொண்டு போனால் பொதுவாகத் தெஃப்ட், தள்ளிவிட்டுப் பறித்தால் ரொபரி. படிவம் நிரப்பும்போது குற்றத்துக்குப் பெயர் வைக்காதீர்கள், நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். போலீஸிடம் ஒன்றும் கம்பெனியிடம் வேறொன்றும் சொன்னதாகத் தெரிந்தால் சந்தேகம் அங்கேதான் தொடங்கும்.

ஹேரோ குடும்பஸ்தன்:
வாடகை வீடுதானே, வீட்டுக்காரர் இன்ஷூரன்ஸில் வராதா? நான் அதை நம்பித்தான் எதுவும் எடுக்கவில்லை.

கிளெய்ம் மேசை:
அவருடையது கட்டடத்துக்கு. உடைந்த கதவுக்கு வரலாம், உங்கள் சாமானுக்கு வராது. தனியாக எடுங்கள். ஷேரிங் என்றால் ஷேரிங் என்றே சொல்லி எடுங்கள்.

குரோய்டன் புதுசு:
படித்தேன் அண்ணா. 'அட்டவணையில் உள்ள முகவரியில் நீங்கள் வசிக்கும் தனியார் குடியிருப்பு' என்று இருக்கிறது. அறை என்ற சொல்லே இல்லை. ஆனால் அட்டவணையில் என் முகவரி 'ரூம் 2' என்று தொடங்குகிறது.

கிளெய்ம் மேசை:
அது நல்ல பிடி. ஜெயிக்கும் என்று உறுதி சொல்லமாட்டேன், இரண்டு விதமாகவும் படிக்கலாம். அந்த வரியைக் காட்டி எழுத்தில் புகார் கொடுங்கள். 8 வாரத்துக்குள் இறுதிப் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ இப்படிப்பட்ட புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் ஃபைனான்ஷியல் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம், உங்களுக்குச் செலவில்லை. இறுதிப் பதில் அனுப்பப்பட்ட தேதியிலிருந்து 6 மாதத்துக்குள் போய்விட வேண்டும். சங்கிலிக்கு ரசீதோ கழுத்தில் போட்ட படமோ தேடுங்கள். நகைக்கு ஒரு பொருளுக்கு இவ்வளவுதான் என்ற வரம்பும் இருக்கும், அதையும் பாருங்கள்.

கதவை இன்னும் சரிசெய்யவில்லையே?

குரோய்டன் புதுசு:
சனிக்கிழமை தச்சர் வருகிறார்.

கிளெய்ம் மேசை:
அதற்குள் பூட்டு நாக்கு நுழையும் தகட்டைக் கிட்டே வைத்துப் படமெடுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து. பிளந்த மரத்துண்டைத் தச்சரிடம் கேட்டு வாங்கி வையுங்கள். அவர் தரும் பில்லில் 'நிலை உடைக்கப்பட்டிருந்தது' என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.