யூனிட் எக்கனாமிக்ஸ்: ‘ஆர்டர் அடக்கம்’ என்று சொல்லலாமா?

மண்டபத்திலிருந்து

எல்லோருக்கும் வணக்கம். மீன், கருவாடு ஆர்டர் எடுக்கும் ஒரு செயலிக்கு நான்தான் கிளவுட் பில் பார்க்கிறேன். விற்பவர்கள் மண்டபம், பாம்பன், தொண்டி வியாபாரிகள். வாங்குபவர்கள் வெளியூர்க் கடைக்காரர்கள். முதல் போட்டவர்களுக்கு மாதாமாதம் தமிழில் ஒரு பக்கக் கணக்கு கொடுக்க வேண்டும். ஒரு ஆர்டருக்கு என்ன செலவு, என்ன வரவு என்று பார்க்கும் யூனிட் எக்கனாமிக்ஸ் என்பதற்கு ‘அலகுப் பொருளியல்’ என்று போட்டேன், ஒருவருக்கும் புரியவில்லை.

கணக்கு இதுதான். மார்ச்சில் பில் 1,26,000 ரூபாய், ஆர்டர் 42,000, ஆகவே ஆர்டருக்கு 3 ரூபாய். மே மாதம் பில் 96,000, ஆர்டர் 12,000, ஆர்டருக்கு 8 ரூபாய். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை இருப்பதால் மே மாதம் நாட்டுப்படகு மீனும் கருவாடும்தான் ஓடும். பில் குறைந்திருக்கும்போது ஆர்டருக்கான செலவு ஏன் ஏறியது என்று கேட்கிறார்கள். பதில் சொல்ல முதலில் ஒரு சொல் வேண்டும்.

தொண்டியிலிருந்து

தம்பி, ஆர்டருக்கு 3 ரூபாய் எப்படிக் கட்டும்? ஐஸ், தெர்மாகோல் பெட்டி, ஏற்றுக்கூலி, வண்டி வாடகை என்று ஒரு பெட்டியை பஸ் ஏற்றுவதற்குள் அதைப்போலப் பல மடங்கு போய்விடும். மறுபடி கூட்டிப் பாருங்கள். இதற்கெல்லாம் நாங்கள் ‘அடக்கம்’ என்றுதான் சொல்வோம். நெத்திலிக் கருவாடு கிலோ என்ன அடக்கம் என்று கேட்டால், வாங்கிய விலை, உப்பு, கூலி, சாக்கு எல்லாம் சேர்த்துக் கிலோவுக்குப் பிரித்த தொகையைச் சொல்வோம்.

மண்டபத்திலிருந்து

அண்ணே, நான் கேட்டது சர்வர் செலவு மட்டும். பெட்டி, ஐஸ் எல்லாம் வியாபாரி கணக்கில் போகிறது. ஆனால் ‘அடக்கம்’ நல்ல சொல். ‘ஆர்டர் அடக்கம்’ என்றால் எங்கள் முதலாளிகளுக்கு உடனே புரியும்.

ராமநாதபுரத்திலிருந்து

பள்ளியில் பொருளியல் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். பாடநூலில் ‘சராசரிச் செலவு’, ‘இறுதிநிலைச் செலவு’ என்று இரண்டும் இருக்கின்றன. புதுச்சொல் எதற்கு? உங்கள் 3 ரூபாயும் 8 ரூபாயும் சராசரிச் செலவு. மாறாச் செலவு அதிக ஆர்டர்மீது பரவினால் சராசரி இறங்கும். வியாபாரம் வளர வளர அது இறங்கிக்கொண்டேதான் போகும், கவலைப்பட ஒன்றுமில்லை.

கீழக்கரையிலிருந்து

> வளர வளர அது இறங்கிக்கொண்டேதான் போகும்

ஐயா, பாதிதூரம்தான் அது சரி. முதலில் தம்பியின் இரண்டு மாதத்தையும் கழித்துப் பார்ப்போம். ஆர்டர் 30,000 குறைந்தது, பில்லும் 30,000 ரூபாய் குறைந்தது. அப்படியானால் ஒரு ஆர்டர் கூடினால் 1 ரூபாய் கூடுகிறது. மே மாத 96,000-இல் 12,000-ஐக் கழித்தால் 84,000 நிற்கிறது. ஆர்டரே வராவிட்டாலும் அந்தப் பணம் போகும். டேட்டாபேஸ், அதற்கு மாற்றாக எந்நேரமும் ஓடும் இன்னொன்று, லோட் பேலன்சர், நாட் கேட்வேயின் மணிக்கணக்கு வாடகை எல்லாம் அதற்குள் வரும். மார்ச்சில் இது ஆர்டருக்கு 2 ரூபாய், மே மாதம் 7 ரூபாய். செயலி மோசமாகவில்லை, படகு கரையில் நின்றதுதான் காரணம்.

ஆனால் இரண்டு மாதத்தைக் கழித்து வந்த விடையை அப்படியே நம்பாதீர்கள். இடையில் மெஷின் அளவை மாற்றியிருந்தாலோ தள்ளுபடித் திட்டம் எடுத்திருந்தாலோ கணக்கு பொய்யாகிவிடும். பில்லில் வரிவரியாகப் போய், நிலையானவற்றைத் தனியே கூட்டுங்கள். 84,000-க்குப் பக்கத்தில் வராவிட்டால் எங்கோ இடிக்கிறது. மீன் போட்டோக்கள் சேர்ந்துகொண்டே இருக்கும் சேமிப்புச் செலவையும் பாருங்கள், ஆர்டர் குறைந்தாலும் அது குறையாது.

ஐயா சொன்னதற்கு வருகிறேன். இந்த டேட்டாபேஸ் 50,000 ஆர்டர் வரை தாங்கும் என்று வைப்போம். அதுவரை அடக்கம் இறங்கி 2 ரூபாய் 68 காசுக்கு வரும். அதைத் தாண்டியதும் அடுத்த அளவு மெஷினுக்கு மாதம் 30,000 ரூபாய் கூடினால், அதே 50,000 ஆர்டருக்கு 3 ரூபாய் 28 காசு ஆகிவிடும். வளர்ச்சியில் செலவு இப்படிப் படிப்படியாகத்தான் ஏறும். முதலாளிகளிடம் அடுத்த படி எங்கே வருகிறது என்பதை முன்பே சொல்லிவிடுங்கள்.

ஆகவே இரண்டு சொல் வேண்டும். மொத்தத்தைப் பிரிப்பது ‘ஆர்டர் அடக்கம்’. கூடுதலாக ஒன்று வந்தால் ஆவது ‘அடுத்த ஆர்டர் செலவு’. ‘இறுதிநிலை’ என்றால் அறிக்கை படிப்பவர் கடைசி ஆர்டர் என்று எடுத்துக்கொள்வார்.

பாம்பனிலிருந்து

எங்களிடம் ஏப்ரலில் ஆர்டர் செலவு திடீரென்று எகிறியது. பார்த்தால் ஒரு வருடத் தள்ளுபடித் திட்டத்துக்கு மொத்தப் பணமும் அந்த மாதம் கட்டியிருந்தார்கள். அதைப் பன்னிரண்டாகப் பிரித்த பிறகுதான் சரியானது. தொடக்க நிறுவனம் என்று இலவச கிரெடிட் கிடைத்தவர்களுக்கு இதற்கு நேர்மாறு. பில் சுழியம் என்று காட்டும், அதை வைத்து அடக்கம் போட்டால் கிரெடிட் தீரும் மாதம் தலையில் இடி விழும். கிரெடிட்டைக் கழிப்பதற்கு முந்தைய தொகையை எடுங்கள்.

மண்டபத்திலிருந்து

கீழக்கரைக் காக்கா, வாடிக்கையாளருக்கு என்ன அடக்கம் என்றும் கேட்கிறார்கள். டேட்டாபேஸ் எல்லோருக்கும் பொது, செலவு யாருடையது என்று பிரிக்க டேக் போட்டாலும் அது முழு மெஷினுக்குத்தான் விழுகிறது. கடைகளின் எண்ணிக்கையால் வகுத்துவிடலாமா?

கீழக்கரையிலிருந்து

வகுத்தால் அமைதியாக இருக்கும் சின்னக் கடை, குடைந்தெடுக்கும் பெரிய கடையின் செலவைச் சுமக்கும். டேட்டாபேஸில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் எத்தனை மில்லிசெகண்ட் ஆனது என்று உங்கள் செயலியே, வாங்குபவர் எண்ணோடு, பதிவு செய்யட்டும். பிறகு பங்கு பாருங்கள்:

```sql
SELECT buyer_id,
       SUM(db_ms) * 100.0 / SUM(SUM(db_ms)) OVER () AS pct
FROM request_log
WHERE day >= '2025-03-01' AND day < '2025-04-01'
GROUP BY buyer_id
ORDER BY pct DESC;
```

டேட்டாபேஸ் செலவை இந்த விகிதத்தில் பிரியுங்கள்.

மண்டபத்திலிருந்து

ஓட்டிப் பார்த்தேன். ஒரு மொத்த வியாபாரி, ஆர்டரில் 2 சதவீதம்தான், டேட்டாபேஸ் நேரத்தில் 31 சதவீதம். அவர்கள் மென்பொருள் நிமிடத்துக்கு ஒருமுறை முழு விலைப்பட்டியலையும் இழுக்கிறது. கடைசியாகக் கேட்டதற்குப் பிறகு மாறிய விலை மட்டும் போனால் போதும். அதைச் செய்தால் மாதம் அந்த 31 சதவீதப் பணம் மிச்சம் என்று எழுதிவிடவா?

கீழக்கரையிலிருந்து

எழுதாதீர்கள். மெஷின் வாடகை மணிக்கணக்கு. 31 சதவீத வேலை ஒழிந்தாலும், ஒரு அளவு சின்ன மெஷினுக்கு இறங்கும்வரை அந்த வாடகையில் ஒரு பைசா குறையாது. இப்போதைக்குக் கிடைப்பது இடம். நான் சொன்ன அந்த அடுத்த படி தள்ளிப்போகும், அவ்வளவுதான். யார் எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்பது ஒரு கேள்வி, எவ்வளவு குறையும் என்பது வேறு கேள்வி.

தொண்டியிலிருந்து

இப்போது விளங்குகிறது. ஆனால் அடக்கம் மட்டும் சொன்னால் லாபம் தெரியாதே. கமிஷன் என்ன வருகிறது, அதில் அடக்கம் போக என்ன நிற்கிறது, அதற்கு என்ன பெயர்?

ராமநாதபுரத்திலிருந்து

இவர் கேட்பதுதான் முழு யூனிட் எக்கனாமிக்ஸ். ‘அடக்கம்’ செலவுப் பக்கத்தை மட்டுமே சொல்கிறது. ‘அலகு வரவுசெலவு’ என்று போடுங்கள். ஆர்டர், வாடிக்கையாளர், கிலோ எதுவானாலும் பொருந்தும்.

மண்டபத்திலிருந்து

ஐயா, ‘அலகு’ என்பதில்தான் எங்கள் ஆட்கள் மறுபடி நிற்பார்கள். இந்த மாதம் ‘ஆர்டர் அடக்கம்’, ‘அடுத்த ஆர்டர் செலவு’, ‘ஆர்டர் வரவுசெலவு’ என்று மூன்றையும் போட்டுப் பார்க்கிறேன். ரத்தான ஆர்டர்களை எண்ணிக்கையில் சேர்ப்பதா என்று இன்னும் முடிவாகவில்லை. அவற்றுக்கும் சர்வர் ஓடுகிறது, ஆனால் கமிஷன் வருவதில்லை. நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?