பத்தமடைப் பாய்க் கட்டுரை: வாட்ஸ்அப்பில் கேட்டதை ஆசிரியருக்கான கடிதமாக மாற்றுவது எப்படி?

கோரைக்கொடி:
மாத இதழ் ஒன்றுக்குப் பத்தமடைப் பாயைப் பற்றி எழுதித் தர விரும்பி, அதன் ஆசிரியருக்கு இரண்டு வாரங்களுக்கு முன் கீழ்க்கண்ட செய்தியை அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது, பதில் வரவில்லை. இப்போது மின்னஞ்சலில் முறையாகக் கேட்க நினைக்கிறேன். எதை வைத்துக்கொள்வது, எதை நீக்குவது?

> சார் வணக்கம், நல்லா இருக்கீங்களா? பத்தமடைப் பாய் தெரியும்ல? போன மாசம் போயிருந்தேன், சூப்பரா இருந்துச்சு. அழிஞ்சுட்டு வர்ற கலை சார். ஒரு பாட்டி பட்டுப்பாய் நெய்யுறாங்க, துணி மாதிரி மடிக்கலாம்! போட்டோ நிறைய இருக்கு. எத்தனை பக்கம் வேணும்னு சொல்லுங்க, எழுதிடுறேன் 🙏

ஞாயிறு வாசகர்:
பேச்சுநடைதான் சிக்கல். ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று தொடங்கி, இதழின் சேவையைப் பாராட்டி ஒரு பத்தி எழுதுங்கள். பிறகு உங்கள் கல்வி, வேலை, பெற்ற பரிசுகள் எல்லாவற்றையும் குறிப்பிட்டால் மதிப்பு கூடும்.

பழைய மெய்ப்பு மேசை:
ஒரு வார இதழில் பல ஆண்டுகள் உதவி ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பேச்சுநடையை மாற்றச் சொன்னது சரி. பாராட்டுப் பத்தியை நாங்கள் படிக்காமலே தாண்டிவிடுவோம். உங்கள் செய்தியின் உண்மையான குறை, ‘சரி’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ முடிவெடுக்க அதில் எதுவும் இல்லை என்பதுதான். பத்தமடைப் பாய் என்பது வெறும் தலைப்பு. ‘அழிந்துவரும் கலை’ என்ற தொடரைப் பாய்க்குப் பதில் மண்பானைக்கு வைத்தாலும் பொருந்தும் என்பதால், அது உங்கள் கட்டுரையைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. எத்தனை பக்கம் என்று கேட்டதால், யோசிக்கும் வேலையும் ஆசிரியர் தலையில் விழுந்துவிட்டது. அந்தப் பாட்டி பாயை மடித்துக் காட்டிய இடம் மட்டும் உயிரோடு இருக்கிறது. அங்கே வேறு என்ன பார்த்தீர்கள்?

கோரைக்கொடி:
இரண்டு முறை சென்றேன். பாட்டி, ஆற்றுநீரில் ஊறிய கோரையை நூல்போலக் கீறிக்கொண்டிருந்தார். ஒரு பட்டுப்பாய் முடிய வாரக்கணக்கில் ஆகும் என்றார். திரும்பும்போது அவ்வூரிலேயே நான் நுழைந்த கடையில், விசைத்தறிப் பாயையும் பத்தமடைப் பாய் என்றே விற்றார்கள்.

பழைய மெய்ப்பு மேசை:
அந்தக் கடைதான் உங்கள் கட்டுரை. இப்படி எழுதிப் பாருங்கள்:

> பொருள்: கட்டுரை முன்மொழிவு – பத்தமடையில் எது பத்தமடைப் பாய்?
>
> அன்புள்ள ஆசிரியருக்கு,
> வணக்கம். பத்தமடைப் பாய் புவிசார் குறியீடு பெற்றது. ஆயினும் அவ்வூரில் நான் சென்ற கடையில் விசைத்தறிப் பாயும் அதே பெயரில் விற்கப்படுகிறது. துணிபோல் மடிக்கக்கூடிய பட்டுப்பாயை வாரக்கணக்கில் நெய்யும் ஒரு மூதாட்டியின் வேலையைத் தொடர்ந்து, கைநெசவை வாங்குபவர் எவ்வாறு அறியலாம், இரண்டும் ஒரே பெயரில் விற்றால் நெய்பவருக்கு என்ன மிஞ்சுகிறது என்பதை 1,200 சொற்களில் எழுத விரும்புகிறேன்.
> இருமுறை நேரில் சென்று அவருடனும் கடைக்காரருடனும் பேசியுள்ளேன். நானே எடுத்த படங்கள் உள்ளன. தாங்கள் இசைந்தால் மூன்று வாரங்களில் அனுப்புவேன். இதை வேறு இதழுக்கு அனுப்பவில்லை.

கீழே பெயரும் தொலைபேசி எண்ணும் போதும். இதற்கு முன் அச்சில் வந்த எழுத்து இருந்தால் ஒரு வரியில் சொல்லுங்கள். இல்லையென்றால் அதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டாம். இரண்டு படங்களைச் சிறிய அளவில் இணைத்தால் போதும். ‘என்ன மிஞ்சுகிறது’ என்று எழுதிவிட்டதால், கூலியையும் விற்பனை விலையையும் கேட்டுக் குறித்துக்கொண்ட பிறகே அனுப்புங்கள். ஆசிரியர் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும்.

தேன்சிட்டு:
என் சிறுகதையை ஒரே நாளில் மூன்று இதழ்களுக்கு அனுப்பினேன், இரண்டில் வந்துவிட்டது. அதன்பின் ஓர் இதழ் என் படைப்புகளை ஏற்பதே இல்லை. கதைக்கும் இப்படி முன்மொழிவு அனுப்ப வேண்டுமா?

பழைய மெய்ப்பு மேசை:
வேண்டாம், கதையை முழுதாகவே அனுப்ப வேண்டும். பல தமிழ் இதழ்கள் கட்டுரையையும் முழுதாகக் கேட்பதுண்டு என்பதால், கோரைக்கொடி அந்த இதழின் படைப்பு அனுப்பும் குறிப்பை முதலில் பார்த்துவிடுவது நல்லது. ‘வேறு இதழுக்கு அனுப்பவில்லை’ என்ற கடைசி வரியைக் கடிதத்தில் நான் சேர்த்ததற்குக் காரணம், உங்களுக்கு நேர்ந்ததுபோல் நேரக்கூடாது என்பதுதான்.

கோரைக்கொடி:
பாட்டியின் படம் ஒன்றையும் நான்கு வரிகளையும் முகநூலில் போட்டிருந்தேன். அதைச் சொல்ல வேண்டுமா?

ஞாயிறு வாசகர்:
நான்கு வரி வெளியீடு ஆகாது. சொல்லி வம்பை வாங்காதீர்கள்.

பழைய மெய்ப்பு மேசை:
நான் சொல்லிவிடுவேன். அச்சான பின் ஆசிரியரே அதைக் கண்டால் சங்கடம். ஆனால் இதில் இதழுக்கு இதழ் வழக்கம் வேறு.

கோரைக்கொடி:
கூலியைப் பாட்டியிடம் தொலைபேசியில் கேட்டேன், சொன்னார். முகம் அச்சில் வர வேண்டாம், கை மட்டும் போதும் என்றும் சொல்லிவிட்டார். முகநூல் படத்தை நீக்கிவிட்டேன். கோரை கீறும் கையின் படத்தை இணைத்து, முகநூல் பற்றிய வரியையும் சேர்த்து, இன்று காலை அனுப்பினேன். பதில் வராவிட்டால் எத்தனை நாள் கழித்து நினைவூட்டலாம்?