அச்சுப் புள்ளியை எடுத்தால் எழுத்தின் தலையில் உள்ள புள்ளியும் போய்விடுகிறது, என்ன வழி?

பழைய_இதழ்
1980களில் வந்த ஒரு வார இதழின் நடுப்பக்கத்தை 600 dpi-யில் ஸ்கேன் செய்து PNG ஆக வைத்திருக்கிறேன். ஆரஞ்சு நிறப் பின்னணியின் மேல் கறுப்பு எழுத்தில் கதைத் தலைப்பும் அதன் கீழே நாலு வரி முன்னுரையும் இருக்கின்றன. பக்கம் மடிந்த இடத்தில் மை உதிர்ந்து சில எழுத்துகள் பாதிதான் தெரிகின்றன, அவற்றைச் சரிசெய்ய வேண்டும். ஆனால் GIMP-இல் குளோன் வைத்துப் பூசினால் பின்னணியில் உள்ள புள்ளி வரிசை பொருந்தாமல் ஒட்டுப் போட்ட மாதிரி அப்பட்டமாகத் தெரிகிறது. அதனால் முதலில் புள்ளிகளை எடுத்துவிட்டு அப்புறம் எழுத்தில் கை வைக்கலாம் என்று நினைக்கிறேன். எப்படி எடுப்பது?

வரைகலை_வினோ
ரொம்ப சிம்பிள் ப்ரோ. `Filters > Blur > Median Blur`, ஆரம் 3 போடுங்க, புள்ளி எல்லாம் மறைஞ்சிடும். இல்லன்னா ஸ்கேனர் மென்பொருளிலேயே Descreen இருக்கும், அதை டிக் பண்ணி மறுபடி ஸ்கேன் எடுங்க.

பழைய_இதழ்
Median போட்டேன். பின்னணி வழவழப்பானது உண்மைதான், ஆனால் முன்னுரையில் இருந்த ‘க்’ பல இடத்தில் ‘க’ ஆகிவிட்டது. ‘வந்தான்’ என்பது ‘வநதான’ என்று நிற்கிறது. இன்னொன்று, ஆரஞ்சும் முன்பு இருந்ததைவிட வெளுத்துவிட்டது. ஸ்கேனரின் Descreen-லும் சின்ன எழுத்து மொத்தமாக மசமசவென்று ஆகிறது.

ஆஃப்செட்_ராஜி
வினோ சொன்ன கருவி தப்பில்லை, அதைப் பக்கம் முழுவதற்கும் போட்டதுதான் தப்பு. உங்கள் படத்தைப் பெரிதாக்கி, ஒரே வரிசையில் பத்துப் புள்ளிகள் எத்தனை பிக்சலுக்கு வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். சுமார் 60 வந்தால் ஒரு புள்ளியிலிருந்து அடுத்ததற்கு 6 பிக்சல், அதாவது அங்குலத்துக்கு 100 வரிசை. சாதாரணத் தாளில் அச்சடித்த இதழ்களில் அந்த அளவு சகஜம். சின்ன எழுத்தில் ஒரு மெய்யெழுத்துப் புள்ளியும் கிட்டத்தட்ட அதே பருமன்தான். இரண்டில் எது அச்சுத்திரையின் புள்ளி, எது ‘க்’ மேல் இருக்கும் புள்ளி என்று பாவம் Median-க்கு எப்படித் தெரியும்?

நிறம் வெளுத்ததற்கும் அதுதான் காரணம். Median சராசரி எடுப்பதில்லை, அந்த இடத்தில் எது அதிகமோ அதன் பக்கம் சாயும். மை முப்பது சதவீதம், வெற்றுத்தாள் எழுபது என்றால் தாளின் நிறமே ஜெயிக்கும். மை அதிகமாக உள்ள இடத்தில் இதுவே தலைகீழாக, நிறம் அடர்ந்துவிடும். பின்னணிக்கு Gaussian Blur போடுங்கள், அது சராசரி எடுக்கும். இடைவெளியில் பாதி, உங்களுக்கு 3, கொடுத்தால் புள்ளி அநேகமாகச் சுத்தமாகப் போய்விடும். 2 கொடுத்தால் பத்தில் ஒரு பங்கு மிச்சம் இருந்து மெல்லிய சொரசொரப்பாகத் தெரியும்.

ஆனால் அதற்கு முன்னால் எழுத்தைத் தனியே பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள். சின்னக் கறுப்பு எழுத்தைப் பெரும்பாலும் முழுக் கறுப்பு மையில்தான் அடிப்பார்கள், அதற்குள் திரைப் புள்ளியே கிடையாது. ஆரஞ்சு என்பது மெஜந்தாவும் மஞ்சளும். அந்த இரண்டு மையும் சிவப்பு ஒளியைக் கிட்டத்தட்ட அப்படியே திருப்பி அனுப்பும், கறுப்பு மட்டும் விழுங்கும். `Colors > Components > Decompose` போய் RGB ஆகப் பிரித்து red-ஐ மட்டும் பாருங்கள்.

பழைய_இதழ்
அட! சிவப்பில் பின்னணி ஏறக்குறைய வெள்ளைத்தாள் மாதிரி இருக்கிறது, எழுத்து மட்டும் கறுப்பாக நிற்கிறது. புள்ளிகளும் பத்திரம். நீலத்தைத் திறந்தால் ஒரே புள்ளிக்காடு.

நூலக_மணி
எதற்கு இவ்வளவு பாடு? நாலு வரிதானே, தட்டச்சு செய்து புதிதாக வைத்துவிடலாமே. நாங்கள் பழைய இதழ்களுக்கு அப்படித்தான் செய்கிறோம், எழுத்துணரி ஓட்டிவிட்டுப் பிழை திருத்துவோம்.

பழைய_இதழ்
மணி சார், வாசகம் எனக்குத் தெரியும், அது பிரச்சினை இல்லை. தலைப்பு கையால் எழுதிய எழுத்து, அந்த வடிவம் எந்த எழுத்துருவிலும் கிடைக்காது. பக்கம் பார்க்க அப்படியே இருக்க வேண்டும்.

ராஜி அக்கா, சிவப்பிலிருந்து எழுத்தை எடுத்துத் தனி லேயரில் வைத்தேன். கீழே அசல் படத்துக்கு Gaussian 3 போட்டேன். இப்போது ஒவ்வொரு எழுத்தைச் சுற்றியும் புகை பிடித்த மாதிரி அழுக்காக ஒரு வளையம் வருகிறது.

ஆஃப்செட்_ராஜி
வரத்தான் செய்யும். கீழே இருப்பதில் கறுப்பு எழுத்து இன்னும் அப்படியே இருக்கிறதே, அது மங்கிப் பக்கத்தில் வழிகிறது. மங்கவைக்கும் முன் கீழ் லேயரில் எழுத்தையே இல்லாமல் ஆக்க வேண்டும். எழுத்தைத் தேர்ந்தெடுத்து `Select > Grow` மூன்று நாலு பிக்சல், பிறகு அந்தத் தேர்வுக்குள் அக்கம்பக்க ஆரஞ்சைப் புள்ளியோடு சேர்த்துக் குளோன் செய்து நிரப்புங்கள். வரிசை பொருந்தாவிட்டாலும் பரவாயில்லை, எப்படியும் அடுத்து மங்கவைக்கப் போகிறீர்கள். மடிப்புக்கோட்டையும் இதே கையோடு மூடிவிடுங்கள். அப்புறம்தான் Gaussian. கடைசியாக எழுத்து லேயரை மேலே வைத்து Multiply.

எழுத்தைத் திருத்தும் வேலை முழுக்க அந்த மேல் லேயரில்தான். அங்கே கறுப்பும் வெள்ளையும் மட்டும் இருப்பதால் உதிர்ந்த காலை இன்னொரு எழுத்திலிருந்து வெட்டி ஒட்டினாலும் ஒட்டு தெரியாது. Levels-ஐ ரொம்ப இறுக்காதீர்கள், எழுத்தின் ஓரம் படிக்கட்டு மாதிரி ஆகிவிடும்.

மறுபடி ஸ்கேன் செய்வதாக இருந்தால் பக்கத்தின் பின்னால் கறுப்புத் தாள் வையுங்கள், மறுபக்க அச்சு எட்டிப்பார்க்காது.

பழைய_இதழ்
வளையம் போய்விட்டது. தலைப்பில் மடிப்பு ஓடிய மூன்று எழுத்தில் இரண்டைச் சரிசெய்துவிட்டேன். மூன்றாவது ‘ழ’, பக்கத்தில் வேறு எங்கும் அந்த அளவில் ‘ழ’ இல்லை, கையால்தான் வரைய வேண்டும்.

சுகன்யா_த
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும், என் கேஸும் கொஞ்சம் இதே மாதிரி. தலைப்பு எழுத்தே காபிப்பொடி நிறம், வெளிர் நிறப் படத்தின் மேல் இருக்கிறது. சிவப்பு, பச்சை, நீலம் எதில் பார்த்தாலும் எழுத்துக்குள்ளும் புள்ளி, வெளியேயும் புள்ளி. என்னிடம் இருப்பது யாரோ அனுப்பிய 300 dpi JPEG மட்டும்தான், இதழ் கைக்குக் கிடைக்காது. தூரத்திலிருந்து பார்த்தால் அலை அலையாகக் கட்டம் வேறு தெரிகிறது.

வரைகலை_வினோ
இதுக்கு FFT தான். ImageJ-ல நிறம் நிறமா பிரிச்சு `Process > FFT > FFT`, நடுவுல இல்லாம தள்ளி நட்சத்திரம் மாதிரி மின்றதை எல்லாம் கறுப்பால அடிச்சிட்டு `Inverse FFT`. நடுப்புள்ளியை மட்டும் தொடாதீங்க, படத்தோட வெளிச்சமே அதுலதான் இருக்கு.

ஆஃப்செட்_ராஜி
600-இல் ஸ்கேன் செய்த படமாக இருந்தால் வினோ சொல்வது நன்றாக வேலை செய்யும். அந்த மின்னும் இடத்தில் சுட்டியை வைத்தால் இடைவெளி எத்தனை பிக்சல், கோணம் என்ன என்று ImageJ-யே காட்டும். வழக்கமாகக் கறுப்பு 45 டிகிரி, மெஜந்தா 75, சயான் 15, மஞ்சள் 0, அதைப் பார்த்தே எது எந்த மையின் புள்ளி என்று சொல்லிவிடலாம்.

சுகன்யா, உங்கள் அலைதான் சிக்கல். நல்ல தாளில் அடித்த இதழ் 150 வரிசை என்றால் 300 dpi-யில் ஒரு புள்ளி இடைவெளிக்கு இரண்டே பிக்சல்தான் கிடைக்கும். அதைவிட நெருக்கமாக இருந்தால் ஸ்கேனரால் புள்ளியைப் பதியவே முடியாது, இல்லாத பெரிய அலையாகத்தான் பதியும். அந்த அலை படத்தின் நிழலோடும் எழுத்தின் தடிமனோடும் ஒரே அளவில் கலந்துவிடுவதால் FFT-யில் அதை மட்டும் தனியாகப் பிடுங்க வராது. எழுத்தின் ஓரமும் புள்ளியாலேயே ஆனது, அதனால் சரியான விளிம்பு எங்கே என்று படத்தில் இல்லவே இல்லை. நானாக இருந்தால் எழுத்தை மேலே பாதையாக வரைந்து நிறம் கொடுத்துவிடுவேன்.

சுகன்யா_த
வரைந்துவிடலாம்தான், ஆனால் கீழே இருக்கும் படத்தில் அலை அப்படியே இருக்குமே?

வரைகலை_வினோ
ஒரு சின்னத் துண்டை வெட்டிப் போடுங்க, FFT-ல ஏதாவது மாட்டுதான்னு நான் பார்க்கிறேன். JPEG-ஐ மறுபடி சேமிக்காம PNG-யா அனுப்புங்க.