புதுப்பிப்பு: வெராகிரிப்ட் பெட்டகமும் மீட்புச் சாவியும்

நான் கேட்டது: “வெராகிரிப்ட் என்ற குறியாக்க மென்பொருளில் செய்த பெட்டகக் கோப்பில் புது வீடியோ சேர்த்தும் மேகச் சேமிப்பில் பழைய பிரதிதான் இருக்கிறது. மீட்புச் சாவியை எங்கே வைப்பது?”

முதல் பாதி சரியாகிவிட்டது. உள்ளே எதை மாற்றினாலும் பெட்டகக் கோப்பின் தேதியை வெராகிரிப்ட் பழையபடியே வைத்துவிடும், அளவும் மாறாது. ஒத்திசைவு மென்பொருள் “எதுவும் மாறவில்லை” என்று போய்விடுகிறது. இங்கே ஒருவர் சொன்னபடி அமைப்புகளில் இந்தத் தேர்வை நீக்கினேன்:

```
Preserve modification timestamp of file containers
```

பெட்டகத்தை மூடியதும் பதிவேற்றம் தொடங்கியது.

சாவி விஷயம்: பெட்டகத்தைத் திறக்கத் தேவையான விவரங்கள் உள்ள தலைப்பகுதியின் நகல் இருந்தால் போதும் என்றார் இன்னொருவர். அது பாதி உண்மை. கோப்பின் தலைப்பகுதி சிதைந்தால் அந்த நகல் காப்பாற்றும். கடவுச்சொல்லை மறந்தால் உதவாது, வெராகிரிப்டில் அதற்குத் தனிச் சாவியே கிடையாது. அப்புறம், கடவுச்சொல்லை மாற்றினாலும் பழைய நகலை வைத்துப் பழைய கடவுச்சொல்லாலேயே பெட்டகத்தைத் திறக்க முடியும். அதனால் மாற்றியதும் புது நகல் எடுத்து, பழையதை அழித்துவிட்டேன்.

கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, ஒன்று வீட்டில், ஒன்று அக்காவிடம். மேகத்திலிருந்து இறக்கிய பிரதியை அக்காவே தன் கணினியில் தாளைப் பார்த்துத் திறந்தார். ஒரு வீடியோ கடைசிவரை ஓடியது. இந்தச் சோதனைதான் எனக்கு நிம்மதி.



ஒரு வீடியோ சேர்த்தாலும் பெட்டகம் முழுவதும் மறுபடி ஏறுகிறது. ஆண்டுக்கொரு பெட்டகமாகப் பிரிப்பதா, கோப்பு கோப்பாகக் குறியாக்கும் கிரிப்டோமேட்டருக்கு மாறுவதா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை.