முட்டி விலகிய காலில் நாடி தட்டுப்பட்டால் போதுமா? ஏபிஐ, லிகமென்ட் அறுவை: அனுபவப் பகிர்வு

இரவுப்பணி
பைக் விபத்து, 34 வயது ஆண். விழுந்த இடத்தில் இடது முட்டி கோணலாக நின்றது, கூட இருந்தவர் காலைப் பிடித்து இழுத்ததும் நேராகிவிட்டது என்று ஆம்புலன்சில் வந்தவர்கள் சொன்னார்கள். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை, மூட்டும் அதன் இடத்தில்தான் இருந்தது. அந்தப் படத்தை மட்டும் பார்த்தால் சாதாரண சுளுக்கு என்றே தோன்றும். ஆனால் கையால் அசைத்தால் முட்டி முன்னும் பின்னும் நழுவியது, வெளிப்பக்கம் அகலமாகத் திறந்தது. பாதம் சூடாக இருந்தது, மேல் பாதத்தில் நாடியும் தட்டுப்பட்டது; வலது காலைவிடச் சற்று மெலிவு, அவ்வளவுதான். பெருவிரலை மேலே தூக்க முடியவில்லை.

கையில் சிஸ்டாலிக் 124. இடது காலில் மேல் பாதத்தில் 96, உள் கணுக்காலுக்குப் பின்னால் 102. கூடுதலான எண்ணை எடுத்து 102-ஐ 124-ஆல் வகுத்தால் ஏபிஐ 0.82. வலது கால் 1.05. சிடி ஆஞ்சியோ எடுத்தோம். முட்டிக்குப் பின்னால் ஓடும் பாப்லிட்டியல் தமனியின் உள்படலம் கிழிந்து, அதன் மேல் ரத்தம் உறைந்து பாதி வழியை அடைத்திருந்தது. மற்றவர்கள் இதில் எங்கே தடுமாறினீர்கள் என்று அறிய ஆவல்.

மணிமுத்தாறு
நாடி நன்றாகக் கிடைத்தால் இவ்வளவு தேவையில்லை என்பதுதான் எங்கள் பழக்கம். சந்தேகம் இருந்தால் ஏபிஐ பார்ப்போம். 0.9-க்கு மேல் இருந்தால் ஸ்லாப் போட்டு, ஒரு வாரம் கழித்து வரச் சொல்லி அனுப்பிவிடுவோம்.

செந்நாளம்
மணிமுத்தாறு சார், 0.9 என்ற கோடு சரி. மற்ற இரண்டும் ஆபத்து.

நாடியிலிருந்து தொடங்குகிறேன். பாப்லிட்டியல் தமனி மேலே தொடைத் தசையின் துவாரத்திலும் கீழே சோலியஸ் தசையின் வளைவிலும் இறுக்கமாகப் பிடிபட்டிருக்கிறது, இரண்டு முளைகளில் கட்டிய கயிறு மாதிரி. நடுவில் எலும்பு நகர்ந்தால் அது இழுபட்டே ஆக வேண்டும். முதலில் கிழிவது உள்படலம்; வெளிச்சுவர் நிற்கும், ரத்தம் ஓடும், நாடியும் தட்டுப்படும். சில மணி நேரம் கழித்து அந்தக் கிழிசலில் ரத்தம் உறைந்து மொத்தமாக அடைத்துக்கொள்ளலாம். அதனால்தான் ஏபிஐ நன்றாக இருந்தாலும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. வார்டில் வைத்து, முதல் நாளாவது இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நாடியும் ஏபிஐயும் பார்த்து எழுத வேண்டும். 48 மணி நேரம் வைத்துக்கொள்வது என் விருப்பம். ஸ்லாப் போடுவதானால் பாதமும் கணுக்காலும் கைக்கு எட்ட வேண்டும். முழுக்கச் சுற்றிய கட்டு வேண்டவே வேண்டாம்.

2004-இல் சியாட்டிலிலிருந்து வந்த ஆய்வில் 38 பேர். 11 பேருக்கு 0.9-க்குக் கீழே, அந்த 11 பேருக்கும் அறுவை தேவைப்படும் தமனிக் காயம் இருந்தது. மற்ற 27 பேருக்கு ஒன்றும் இல்லை. அழகான எண்தான், ஆனால் 38 பேர் மட்டுமே. தவிர, அந்த 27 பேரையும் கண்காணித்தோ ஸ்கேன் செய்தோதான் 'ஒன்றும் இல்லை' என்றார்கள்.

இன்னொன்று. பாதம் வெளிறி, குளிர்ந்து, நாடியே இல்லை, அல்லது முட்டிக்குப் பின்னால் வீக்கம் கண்ணெதிரே பெருகுகிறது என்றால் ஏபிஐ பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. மூட்டை உடனே நேராக்குங்கள். அப்போதும் நாடி திரும்பவில்லை என்றால் நேரே தியேட்டர். ஆஞ்சியோவை மேசையிலேயே எடுத்துக்கொள்ளலாம். ரத்த ஓட்டத்தைத் திருப்பிக் கொண்டுவர வேண்டிய 8 மணி நேரக் கணக்கு அடிபட்ட நிமிடத்திலிருந்து ஓடுகிறது, உங்கள் வாசலுக்கு வந்ததிலிருந்து அல்ல.

கடற்கரை_நடை
எனக்கு ஷட்டில் ஆடும்போது முட்டி திரும்பி ஜவ்வு கிழிந்துவிட்டது. எம்ஆர்ஐயில் ஏசிஎல் மட்டும் என்று போட்டிருக்கிறது. இந்த ஏபிஐ டெஸ்ட் எனக்கு எடுக்கவே இல்லையே, இப்போது போய் எடுக்க வேண்டுமா?

செந்நாளம்
ஒற்றை ஏசிஎல் கிழிசலும் இதுவும் வேறு. இங்கே பேசுவது தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் முழுக்க விலகி, இரண்டு மூன்று லிகமென்ட் ஒன்றாகப் போன முட்டி. உங்கள் டாக்டர் மற்ற லிகமென்ட்டுகளையும் சோதித்து 'ஏசிஎல் மட்டும்' என்று சொல்லியிருந்தால் இதற்காக ஓட வேண்டாம்.

வார்டு_சிஸ்டர்
ஏபிஐ எடுக்கும் விதத்திலேயே பாதித் தவறு நடக்கிறது சார். ஆட்டோமேட்டிக் பிபி மிஷினைக் கணுக்காலில் கட்டி வரும் எண்ணை எழுதிவிடுகிறார்கள். அது கூடாது, கையடக்க டாப்ளர் வேண்டும். நோயாளி மல்லாந்து படுத்திருக்க வேண்டும். கஃப்பின் கீழ் விளிம்பு கணுக்கால் எலும்புக்குச் சற்று மேலே. ஜெல் வைத்து, ப்ரோபை 45 முதல் 60 டிகிரி சாய்த்து, அழுத்தாமல் பிடிக்க வேண்டும். மேல் பாதத்தில் அழுத்தினால் தமனியே நசுங்கிச் சத்தம் போய்விடும். சத்தம் நின்றபின் 20 மில்லிமீட்டர் கூடுதலாக ஏற்றி, மெதுவாக இறக்கினால் முதலில் திரும்பும் சத்தம்தான் சிஸ்டாலிக். கை அளவையும் அதே டாப்ளரில், அடிபடாத கையில் எடுக்க வேண்டும்.

செந்நாளம்
அருமை சிஸ்டர். ஒன்றைச் சேர்க்கிறேன்: நெடுநாள் சர்க்கரை உள்ளவரின் தமனி சுண்ணாம்பேறி இறுகியிருந்தால் கஃப் அதை நசுக்காது, 1.3, 1.4 என்று வரும். அதை 'நல்ல எண்' என்று நம்பாதீர்கள். அவர்களுக்கு நேரே ஆஞ்சியோ.

இரவுப்பணி
இவருக்கு அன்றிரவே அடிபடாத வலது காலிலிருந்து சஃபீனஸ் சிரையை எடுத்து, திருப்பி வைத்து ஒட்டினார்கள். கீழ்க்காலின் நான்கு தசை அறைகளையும் திறந்துவிட்டோம். முட்டிக்குக் குறுக்கே எக்ஸ்டெர்னல் ஃபிக்ஸேட்டர். இனி லிகமென்ட் எப்போது?

முட்டிக்காரர்
பின்கள் எங்கே போட்டீர்கள்? பின்னாளில் லிகமென்ட்டுக்காக எலும்பில் டனல் போட வேண்டிய இடத்துக்கு அருகே பின் இருந்தால் அந்த ஓட்டையே தொற்றுக்கு வாசல். முட்டியிலிருந்து தள்ளியே போட வேண்டும். எக்ஸ்ரேயில் கீழ்க்கால் எலும்பு பின்பக்கம் சரிந்து நிற்கிறதா என்று பாருங்கள். அப்படியே ஆறு வாரம் விட்டால் பிறகு எந்த லிகமென்ட் வைத்தாலும் முட்டி நேராகாது.

தமனிக் காயம் இல்லாத ஆளாக இருந்தால் மூன்று வாரத்துக்குள் செய்யவே விரும்புவேன். வெளிப்பக்கத்தில் திசுக்களைப் பிரித்து அறிய முடியும், பெரோனியல் நரம்பு வடுவில் புதைந்திருக்காது. அங்கே கிழிந்ததைத் தைத்து மட்டும் விடுவது அடிக்கடி தோற்கிறது. புது லிகமென்ட்டும் வைக்க வேண்டும். அதற்காக முதல் வாரத்திலேயே ஆர்த்ராஸ்கோப் விடவும் கூடாது. மூட்டு உறை கிழிந்திருப்பதால் நீர் கீழ்க்காலுக்குள் இறங்கிக் காம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் வரலாம். 10 முதல் 14 நாள் பொறுத்தால் உறை ஓரளவு மூடிக்கொள்ளும்.

இவர் விஷயம் வேறு. சிரை ஒட்டு புதிது, தோல் திறந்து கிடக்கிறது. அதை மூடி, ஆறு வாரத்தில் ஃபிக்ஸேட்டரைக் கழற்றி, முட்டியை 90 டிகிரியாவது மடக்க வைத்த பிறகு செய்வேன். டூர்னிக்கே கட்ட மாட்டேன்.

மணிமுத்தாறு
வீட்டுக்கு அனுப்பும் பழக்கத்தை மாற்றிக்கொள்கிறேன். ஆனால் ஆறு வாரம் ஃபிக்ஸேட்டரில் இருந்த முட்டி விறைத்துப்போகாதா? நான் பார்த்தவர்களில் தளர்வைவிட விறைப்புதான் அதிகம்.

முட்டிக்காரர்
விறைக்கும். ஆனால் மயக்கத்தில் வைத்து மடக்கிவிடலாம், உள்ளே உள்ள வடுவை வெட்டலாம். தளர்ந்த முட்டிக்கு மறுபடி முழு அறுவைதான். இருந்தாலும் சீக்கிரம் செய்தவர்களுக்கும் விறைப்பு வருகிறது, தாமதித்தவர்களுக்கும் வருகிறது. ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் லேசாக அடிபட்டவர்களே சீக்கிரம் அறுவைக்குப் போயிருப்பார்கள், அதனால் அந்த எண்களை நான் முழுதாக நம்புவதில்லை.

வார்டு_சிஸ்டர்
பெருவிரல் தூக்காததைப் பற்றி யாரும் பேசவில்லையே. இன்றே ஸ்ப்ளின்ட் போட்டுப் பாதத்தை 90 டிகிரியில் நிறுத்தாவிட்டால் கெண்டைக்கால் தசை சுருங்கிவிடும்.

இரவுப்பணி
போட்டாயிற்று சிஸ்டர். எம்ஆர்ஐதான் பாக்கி. ஃபிக்ஸேட்டர் எந்த உலோகம் என்று ஸ்கேன் சென்டரில் கேட்கிறார்கள், தியேட்டர் ஸ்டோரில் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.