‘போக்கியம்’: லீஸா, மார்ட்கேஜா?

கும்பகோணத்தில் ஆறு பேர் சேர்ந்து பழைய நிலப் பத்திரங்களை ஆங்கிலமாக்குகிறோம். ஒரே நஞ்சைக்கான இரண்டு பத்திரங்களில் ‘போக்கியம்’ வந்தது. ஒருவர் ‘லீஸ்’ என்றார், இன்னொருவர் ‘மார்ட்கேஜ்’. மெய்ப்பு பார்த்தவர் இரண்டையும் அப்படியே விட்டுவிட்டார்!

கடனுக்கு ஈடாக நிலத்தைக் கொடுத்து, கடன் கொடுத்தவர் விளைச்சலை அனுபவித்தால் அது 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டத்தின் 58ஆம் பிரிவில் வரும் ‘யூசுஃப்ரக்சுவரி மார்ட்கேஜ்’. லீஸ் என்பது 105ஆம் பிரிவு. அங்கே மீட்பு உரிமை கிடையாது. வீட்டுப் போக்கியத்தை ஊரே ‘லீஸ்’ என்பதுதான் வம்பு.

அதனால் பொதுப் பட்டியலில் தமிழ்ச் சொல், ஆங்கிலச் சொல், பிரிவு எண், பயன்படுத்தக்கூடாத சொல் என்று நான்கு பத்தி போட்டிருக்கிறோம். ‘ஒத்தி’யைத் தனி வரியாக வைக்கலாமா, போக்கியத்தோடு சேர்க்கலாமா? அப்புறம், ‘வாரம்’ என்பதற்கு நீங்கள் என்ன எழுதுகிறீர்கள்? பத்திர எழுத்தர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்களேன்.