மூலதன ஆதாயமா, முதலேற்றமா?

கோபி டீச்சர்

போன ஞாயிறு மாமனாருக்கு வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுக்க உட்கார்ந்தேன். மூன்று வரவு. பேங்க் டெபாசிட் வட்டி 62,000. ஒரு கம்பெனி அனுப்பிய டிவிடெண்ட் 9,400. எட்டு வருடம் முன்பு வாங்கிய பங்கை விற்றதில் மிஞ்சியது 1,10,000. முதல் இரண்டையும் பென்ஷனோடு கூட்டினேன். மூன்றாவதைத் தனியாக எழுதி, "இது மூலதன ஆதாயம்ங்க மாமா, வருசத்துக்கு ஒண்ணேகால் லட்சம் வரைக்கும் வரி இல்லை" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏன் அம்மிணி, வட்டி மட்டும் ஆதாயம் இல்லையா?"

பதில் சொல்ல முடியவில்லை. டிவிடெண்டைப் பங்காதாயம் என்றும் எழுதுகிறோம், பங்கை விற்ற லாபத்தை மூலதன ஆதாயம் என்கிறோம். கேட்பவருக்கு இரண்டும் பங்கில் வந்த ஆதாயம்தானே. நம் தமிழ் வரிச் சொற்பட்டியலில் பங்கை விற்ற லாபத்துக்கு வேறு சொல் வேண்டும். என் முன்மொழிவு: முதலேற்றம். "வட்டியும் முதலும்" என்று ஊரில் சொல்கிறோமே, அந்த முதல். வட்டி முதலுக்கு வெளியே வருவது. இங்கே ஏறியது முதலே.

பல்லடம் தறிக்காரர்

சொல் எதுவானாலும் எனக்குச் சரிங்க. ஆனால் கணக்கைத் தப்பாக எழுதிவிட்டீர்கள். டிவிடெண்டுக்கு வரியே கிடையாது, கம்பெனியே கட்டிவிட்டுத்தான் அனுப்பும். எங்கப்பா காலத்திலிருந்து அப்படித்தான். அப்புறம் மாமனார் கேள்விக்குப் பதில் ரொம்ப எளிது. வட்டி உறுதியான வரவு, அதனால் முழு வரி. பங்கு ரிஸ்க், அதனால் சலுகை. ரிஸ்க் எடுத்தவனுக்கு அரசாங்கம் கொடுக்கும் கமிஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஈரோடு ஆடிட்டர்

தம்பி சொல்வது 2020 மார்ச் 31 வரை சரி. 1997-இல் வந்த ஏற்பாடு அது. நடுவில் ஒரே ஒரு வருடம் தவிர, டிவிடெண்ட் கொடுக்கும்போதே கம்பெனி ஒரு வரியைக் கட்டிவிடும். 2020 ஏப்ரலிலிருந்து அது போய்விட்டது. இப்போது வாங்குகிறவர் கையில், அவரவர் வரி அடுக்குப்படி. டீச்சர் எழுதியதுதான் சரி.

ரிஸ்க் காரணமும் பாதிதான் நிற்கும். டிவிடெண்ட் வருவதும் அதே பங்கிலிருந்துதானே? ரிஸ்க்குக்குக் கூலி என்றால் அதற்கும் அல்லவா சலுகை வேண்டும்? பணம் கம்பெனியை விட்டுக் கிளம்பும் இடத்தைப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். கம்பெனியிடம் 100 ரூபாய் இருக்கிறது. அதைக் கடன் கொடுத்தவருக்கு வட்டியாகக் கொடுத்தால் அது கம்பெனிக்குச் செலவு, லாபத்தில் கழித்துக்கொள்ளும். வாங்கியவர் 30 சதவீத அடுக்கில் இருந்தால் அவர் கையில் 70 நிற்கும். அதே 100 லாபமாக நின்றால், குறைந்த விகிதத்தைத் தேர்ந்தெடுத்த கம்பெனிக்கே சர்சார்ஜ், செஸ் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 25 ரூபாய் வரி. மீதி 75-ஐ டிவிடெண்டாகக் கொடுத்தால் அதிலும் 30 சதவீதம் போய் 52 சொச்சம்தான் மிஞ்சும். ஒரே நூறு, ஒரு வழியில் ஒரு வரி, இன்னொரு வழியில் இரண்டு.

கம்பெனி அந்த 75-ஐக் கொடுக்காமல் உள்ளேயே போட்டால் பங்கின் விலை ஏறும். விற்கும்போது வருவது அந்த ஏற்றம். ஏற்கனவே ஒரு வரி கண்ட பணம் என்பதால்தான் அதற்குக் குறைந்த விகிதம் என்று ஒரு வாதம் உண்டு. டிவிடெண்டுக்கும் அது பொருந்துமே என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை.

சரித்திரமும் ஒரு காரணம். 1932-இல் ஷா வாலஸ் வழக்கில், அன்று நமக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில், வருமானத்தை மரத்தின் கனிக்கும் வயலின் விளைச்சலுக்கும் ஒப்பிட்டது. காய் விற்ற காசு வருமானம். மரத்தை விற்ற காசு வருமானமில்லை என்பது அந்தக் காலத்துப் பார்வை. மரத்தை விற்ற லாபத்துக்கு 1947-இல் வரி போட்டார்கள், அடுத்த வருடமே எடுத்தார்கள். பொருளாதார அறிஞர் கால்டோர் கொடுத்த வரி அறிக்கைக்குப் பிறகு 1956-இல் திரும்ப வந்தது. பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட வரி என்பதால் இன்னமும் தனிப் பாயில்தான் உட்கார்ந்திருக்கிறது.

பல்லடம் தறிக்காரர்

சரிங்கண்ணா, ஒத்துக்கிறேன். ஆனால் கைக்கு எவ்வளவு வித்தியாசம் என்று சொல்லுங்கள். 12.5 சதவீதமும் 30 சதவீதமும் என்றால் அவ்வளவுதானே?

ஈரோடு ஆடிட்டர்

அவ்வளவு மட்டும் இல்லை. பத்து லட்சம், பத்து வருடம், வருடம் 8 சதவீதம், 30 சதவீத அடுக்கு என்று வைத்துக்கொள்வோம். செஸ்ஸை விட்டுவிடுவோம்.

டெபாசிட்டில் வட்டியை எடுக்காமல் வைத்திருந்தாலும் பொதுவாக வருடா வருடம் வரி கட்டுகிறோம். அதைச் சேமிப்பிலிருந்தே கட்டினால் 8 சதவீதம் 5.6 ஆகிவிடும். பத்தாம் வருட முடிவில் 17.24 லட்சம்.

டிவிடெண்டே தராத ஒரு பங்கு அதே 8 சதவீதம் ஏறுகிறது. விற்கும் வரை வரி இல்லை. முடிவில் 21.59 லட்சம், அதில் ஏறியது 11.59. ஒண்ணேகால் லட்சத்தைக் கழித்து 12.5 சதவீதம் கட்டினால் கையில் 20.30 லட்சம். இது 2024 ஜூலை 23 முதல் நடக்கும் விகிதம். பட்டியலிட்ட பங்கை ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டும். அதற்குள் விற்றால் 20 சதவீதம்.

வித்தியாசம் மூன்று லட்சத்துக்குச் சற்று மேல். இப்போது ஒரு சோதனை. அந்த ஏற்றத்துக்கும் சலுகை இல்லை, கடைசியில் மொத்தமாக 30 சதவீதம் என்று வையுங்கள். 18.11 லட்சம் கிடைக்கும். அப்போதும் டெபாசிட்டைவிட 87,000 கூடுதல். வரிப் பணம் பத்து வருடம் நம்மிடமே இருந்து குட்டி போட்டதால் வந்தது அது. மீதி இரண்டு லட்சத்துச் சொச்சம்தான் விகிதத்தின் வேலை. வருடங்கள் கூடக் கூட, வரியைத் தள்ளிப்போட்டதால் வரும் பகுதி பெருத்துக்கொண்டே போகும்.

அதனால் சொல்லில் "விற்றால்தான்" என்ற பொருளும் தொனிக்க வேண்டும் என்பது என் ஆசை. முதலேற்றம் என்றால், விற்காத பங்கின் விலை ஏறி நிற்பதும் முதலேற்றம்தானே?

பெருந்துறை மஞ்சள்காரர்

ஏனுங்க, எனக்கும் இந்த முதலேற்றம் இருக்கிறது. இருபது மூட்டை விரலி மஞ்சள் என் காட்டில் விளைந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் இன்னும் முப்பது மூட்டை வாங்கி, ஐம்பதையும் குடோனில் ஒன்றரை வருடம் வைத்திருந்தேன். விலை ஏறியது, விற்றேன். வைத்திருந்து விற்றதுதானே? 12.5 சதவீதம் கட்டினால் போதுங்களா?

ஈரோடு ஆடிட்டர்

அண்ணா, உங்கள் ஐம்பது மூட்டையில் ஒன்றுகூட முதலேற்றம் இல்லை. இருபது மூட்டை உங்கள் விவசாய வருமானம். வேகவைத்துக் காயப்போட்டு விற்றாலும் அது விவசாயம்தான், மத்திய வருமான வரி அதன்மேல் இல்லை. முப்பது மூட்டை வியாபாரச் சரக்கு, அதில் வந்தது வியாபார லாபம், உங்கள் அடுக்குப்படி வரி. ஒரே தராசில் நின்று ஒரே நாளில் போன மஞ்சள்தான். ஆனால் வாங்கிய பில்லையும் விளைந்த கணக்கையும் தனித்தனியாக வைக்காவிட்டால், இருபது மூட்டையும் சரக்கு இல்லை என்று நிரூபிக்கும் பாடு உங்களுடையது.

விலை ஏறியது மட்டும் கணக்கில்லை என்பதற்கு நம்ம கோவையிலேயே பேர்போன வழக்கு இருக்கிறது. ஜனார்த்தனா மில்லின் மேனேஜிங் ஏஜென்டாக இருந்த ஜி. வெங்கடசாமி நாயுடு அண்டு கம்பெனி, மில்லை ஒட்டிய நிலத்தை நாலு துண்டாக ஏறத்தாழ 8,700 ரூபாய்க்கு வாங்கியது. 1947-இல் அதே மில்லுக்கு 52,600-க்கு விற்றது. நிலம் முதலீடுதானே, வியாபாரமில்லையே என்றார்கள். 1958-இல் உச்ச நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த நிலத்தில் பயிர் வைக்கவுமில்லை, கட்டடம் கட்டவுமில்லை, மில்லுக்கு விற்கும் எண்ணத்தோடுதான் வாங்கியது என்று சூழ்நிலையைப் பார்த்து, அது வியாபாரத் தன்மையுள்ள காரியம் என்றது. நிலம் மாறவில்லை, எண்ணம்தான் வரியின் பெயரை மாற்றியது.

கோபி டீச்சர்

அப்படியென்றால் நான் இரண்டாவதாக யோசித்து வைத்திருந்த "விலையேற்ற ஆதாயம்" அடிபட்டுப் போகிறது. மஞ்சளும் விலை ஏறித்தானே விற்றது. "முதல்" என்ற சொல்தான் வேலை செய்கிறது: சரக்காக இல்லாமல் முதலாக வைத்திருந்தது.

கோவை தமிழாசிரியர்

டீச்சர் அம்மாவுக்கு ஒரு தடை. "முதலேற்றம்" என்று படித்தவுடன் என் பேரன் "முதல் தடவை ஏறுவதா தாத்தா?" என்றான். முதல் என்ற சொல்லுக்கு அந்தப் பாரம் எப்போதும் இருக்கும். ஏற்றம் என்றால் எனக்குக் கிணற்றடிதான் கண்ணில் வருகிறது. அது என் வயதின் குற்றம். "மூலதன ஏற்றம்" என்றால் முதல் குழப்பமாவது தீரும்.

டிவிடெண்டுக்கு "ஈவு" போதும் என்பேன். கணக்குப் பாடத்தில் வகுத்தால் வருவதும் ஈவுதான், லாபத்தைப் பங்குகளுக்கு வகுத்துக் கொடுப்பதும் ஈவுதான். பங்காதாயத்தைக் கைவிட்டாலே பாதிக் குழப்பம் போய்விடும். ஆடிட்டர் தம்பி கேட்ட "விற்றால்தான்" என்பதை வேர்ச்சொல்லில் திணிக்க வேண்டாம். அடைமொழியாக வைக்கலாம்: நிற்கும் ஏற்றம், கைவந்த ஏற்றம்.

பல்லடம் தறிக்காரர்

ஈவு என்கிறீர்கள், ஆனால் என் மியூச்சுவல் ஃபண்ட் அறிக்கையில் இப்போது `IDCW` என்று வருகிறது. முன்பு டிவிடெண்ட் என்றுதான் இருந்தது. அதற்கும் ஈவா?

ஈரோடு ஆடிட்டர்

கூடாது. 2021 ஏப்ரலிலிருந்து பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அந்தப் பெயரை மாற்றச் சொன்னதே அதற்காகத்தான். யூனிட் 30 ரூபாய் இருக்கும்போது 2 ரூபாய் கொடுத்தால் யூனிட் 28 ஆகிவிடும். அந்த இரண்டில் உங்கள் முதலும் கலந்திருக்கலாம். ஆனாலும் வரி முழு இரண்டுக்கும் உங்கள் அடுக்குப்படி. அதைத் தமிழில் "வருமானமும் முதலும் கலந்த பட்டுவாடா" என்று நீட்டித்தான் சொல்ல வேண்டும் போல.

கோபி டீச்சர்

பட்டியலில் வட்டி, ஈவு இரண்டையும் உறுதி செய்துவிட்டேன். மூன்றாவதற்கு "மூலதன ஏற்றம்" என்றும் பக்கத்தில் "முதலேற்றம்?" என்றும் போட்டிருக்கிறேன். மாமனாரிடம் ஆடிட்டர் சொன்ன நூறு ரூபாய்க் கணக்கைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "டெபாசிட் வட்டியில பாதியை விலைவாசி தின்னுது. அதுக்கு யாரும் கழிவு தர்றதில்லையே, பங்குக்காரனுக்கு மட்டும் ஏன்?" என்றார். இதற்கு யாராவது எழுதுங்கள்.

ஈரோடு ஆடிட்டர்

அவர் கேட்டது ரொம்பச் சரி. விலைவாசிக்காக என்று சொல்லித்தான் நிலம், வீடு விற்றால் வாங்கிய விலையைக் குறியீட்டெண்ணால் உயர்த்திக் கணக்கிட விட்டிருந்தார்கள். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய நிலம், வீட்டுக்கு மட்டும், இங்கே குடியிருக்கும் தனிநபரும் இந்துக் கூட்டுக் குடும்பமும் அந்தக் கணக்கோடு ஒப்பிட்டுக் குறைவான வரியைக் கட்டலாம். வட்டிக்கு அப்படி ஒன்று நம்மிடம் இருந்ததே இல்லை.

அப்புறம் இன்னொரு சொல் பாக்கி இருக்கிறது. விற்று நட்டமானால் அதற்கு என்ன பெயர்? அந்த நட்டத்தை வட்டியிலோ ஈவிலோ கழிக்க முடியாது, மற்ற மூலதன ஏற்றத்தில் மட்டும்தான். "மூலதன இறக்கம்" என்று வைத்தால் துறைமுகத்தில் சரக்கு இறக்குவது போல இருக்கிறது.

பெருந்துறை மஞ்சள்காரர்

எங்கள் ஊரில் அதற்கு "கைமுதல் போச்சு" என்போம்ங்க.